தலை துண்டிக்கப்பட்டாலும் கரப்பான்பூச்சி உடனே சாகாதது ஏன்? அதன் உடலமைப்பு காட்டும் கட்டுப்பாட்டு வழிகள்

நள்ளிரவில் சமையலறை விளக்கைப் போட்டதும் கரப்பான்பூச்சிகள் சிதறி ஓடுகின்றன. கையில் கிடைத்த மருந்தை ஒன்றின் மீது அடிக்கிறோம். அது மல்லாந்து விழுந்து கால்களை உதறுகிறது. காலையில் பெருக்கித் தள்ளிவிடலாம் என்று விட்டுவிடுகிறோம். விடிந்து பார்த்தால் அந்தப் பூச்சியைக் காணவில்லை. மாதக்கணக்கில் மருந்து அடித்தும் எண்ணிக்கை குறையாத வீடுகளில் இது வழக்கமான காட்சி.

பணம் வீணாவதோடு இது முடிந்துவிடுவதில்லை. கரப்பான்பூச்சியின் கழிவும் உதிர்ந்த தோலும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. அதைக் கொல்வதற்காக மீண்டும் மீண்டும் அடிக்கப்படும் மருந்தோ, சமைக்கும் மேடையிலும் பாத்திரங்களிலும் படிகிறது. எனவே எந்த முறை பலிக்கும், எது பலிக்காது என்பதை அறிவது அவசியமாகிறது. அதற்கு அந்தப் பூச்சியின் உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தலையை இழந்த பின்னரும் அது எப்படி உயிரோடு இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

தலை போனால் என்ன நடக்கிறது?

மனிதனின் தலை துண்டிக்கப்பட்டால் மூன்று காரணங்களால் உடனே மரணம் நேர்கிறது. இரத்தம் பீறிட்டு வெளியேறி இரத்த அழுத்தம் வீழ்கிறது. மூக்கும் வாயும் இல்லாததாலும், மூச்சை இயக்கும் மூளை இல்லாததாலும் சுவாசம் நிற்கிறது. உடலின் பிற இயக்கங்களுக்குக் கட்டளை தரும் மையமும் போய்விடுகிறது. கரப்பான்பூச்சியிடம் இந்த மூன்றும் வேறு விதமாக அமைந்துள்ளன.

முதலாவது, அதன் இரத்தம் குழாய்களுக்குள் உயர் அழுத்தத்தில் ஓடுவதில்லை. உடற்குழி முழுவதும் நிறைந்திருக்கும் நிறமற்ற திரவம், முதுகுப்புறம் உள்ள குழாய் வடிவ இதயத்தால் மெதுவாகச் சுழற்றப்படுகிறது. அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால், கழுத்து அறுபட்டாலும் திரவம் பீறிடாது. வெட்டுவாய் சிறிது நேரத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, அது மூக்கால் மூச்சு விடுவதில்லை. மார்பிலும் வயிற்றிலும் இரு பக்கமும் வரிசையாக உள்ள 10 இணைத் துளைகள் வழியே காற்று உள்ளே செல்கிறது. அங்கிருந்து கிளைகிளையாகப் பிரியும் நுண்குழல்கள் திசுக்களுக்கு நேரடியாக உயிர்வளியைக் கொண்டு சேர்க்கின்றன. உயிர்வளியைச் சுமக்கும் வேலை அதன் இரத்தத்துக்கு இல்லை. அந்த இரத்தம் சிவப்பாக இல்லாததற்கும் அதுவே காரணம். இந்த மூச்சு நடைபெறத் தலை தேவையில்லை.

மூன்றாவது, அதன் நரம்பு மண்டலம் ஓரிடத்தில் குவிந்திருப்பதில்லை. தலையில் மூளை உண்டு என்றாலும், மார்பிலும் வயிற்றிலும் தனித்தனி நரம்பு முடிச்சுகள் உள்ளன. அந்தந்தப் பகுதியின் கால்களையும் தசைகளையும் அவையே இயக்குகின்றன. தலையற்ற கரப்பான்பூச்சி நிற்கும், தொட்டால் அசையும். தலையற்ற பூச்சியின் கால் தாழும்போதெல்லாம் சிறு மின்அதிர்ச்சி கொடுத்தால், நாளடைவில் அது காலை உயர்த்தியே வைத்துக்கொள்ளக் கற்கிறது என்பதை 1962ஆம் ஆண்டில் ஜி.ஏ. ஹாரிட்ஜ் என்ற ஆய்வாளர் காட்டினார்.

இவற்றோடு, அது குளிர் இரத்தப் பிராணி. உடலை வெப்பமாக வைத்திருக்க உணவைச் செலவிட வேண்டியதில்லை. ஒருமுறை உண்டதைக் கொண்டு பல நாள்கள் தாங்கும். இதனால்தான் ஆய்வகத்தில் தலை நீக்கப்பட்ட கரப்பான்பூச்சிகள் சில வாரங்கள் வரை உயிரோடு இருந்துள்ளன.

இறுதியில் கொல்வது தாகம்

அப்படியானால் அது எதனால் இறக்கிறது? வாய் இல்லாததால் நீர் அருந்த முடியாமல் உடல் வற்றி இறக்கிறது. அல்லது காயத்தின் வழியே பூஞ்சை தொற்றி இறக்கிறது. பசி அதைக் கொல்வதற்கு முன்பே நீரிழப்பு கொன்றுவிடுகிறது.

தலையுள்ள பூச்சிக்கும் இதே விதிதான். 1957ஆம் ஆண்டில் வில்லிஸ், லூயிஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் பல வகைக் கரப்பான்பூச்சிகளை உணவும் நீரும் இல்லாமலும், உணவு மட்டும் கொடுத்தும், நீர் மட்டும் கொடுத்தும் வைத்துப் பார்த்தனர். சமையலறையில் காணப்படும் சிறிய ஜெர்மன் கரப்பானின் பெண் பூச்சி, உணவும் நீரும் இல்லாமல் ஏறத்தாழ 13 நாள்கள் வாழ்ந்தது. நீர் மட்டும் கிடைத்தபோது சுமார் 42 நாள்கள் தாங்கியது. உலர்ந்த உணவு மட்டும் கிடைத்தபோதோ 12 நாள்களில் இறந்தது. அதாவது நீரில்லாத இடத்தில் உணவு இருந்தும் பயனில்லை.

சாக்கடைகளில் வாழும் பெரிய அமெரிக்கக் கரப்பான் இதைவிட வலியது. அதன் பெண் பூச்சி நீரும் உணவும் இன்றி சுமார் 42 நாள்களும், நீர் மட்டும் கிடைத்தால் சுமார் 90 நாள்களும் வாழ்ந்தது.

பலரும் கவனிக்கத் தவறும் முதல் பாடம் இதுதான். இரவில் மேடையைத் துடைப்பதும் குப்பையை அகற்றுவதும் நல்லவையே. ஆனால், தொட்டியின் அடியில் சொட்டும் குழாயும், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் தேங்கும் தட்டும், ஈரத்துணியும் அப்படியே இருக்கும்வரை பூச்சிகள் வாரக்கணக்கில் பட்டினியைத் தாங்கும். கசிவை நிறுத்துவதுதான் அவற்றின் ஆயுளை நேரடியாகக் குறைக்கும்.

நீரைக் காக்க அந்தப் பூச்சிக்கு ஒரு கவசமும் உண்டு. அதன் தோலின் மேல் மெல்லிய மெழுகுப்படலம் இருக்கிறது. உடலின் ஈரம் ஆவியாகாமல் தடுப்பது அதுவே. சிலிக்கா துகள், டயட்டம் மண் போன்ற உலர்தூள்கள் இந்த மெழுகை உறிஞ்சியும் உராய்ந்தும் கெடுக்கின்றன. பூச்சி மெதுவாக வற்றி இறக்கிறது. இத்தூள்கள் ஈரமான இடத்தில் வேலை செய்வதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சோப்பு நீர் கொல்கிறது. வெறும் நீர் கொல்வதில்லை

கரப்பான்பூச்சியின் மீது வெறும் தண்ணீரை ஊற்றினால் அது நனைந்தபடியே ஓடிவிடுகிறது. மெழுகுத் தோலில் நீர் ஒட்டுவதில்லை. மூச்சுத்துளைகளின் வாயிலிலும் நீரின் பரப்பு இழுவிசை காரணமாக அது உள்ளே புகுவதில்லை. தேவைப்படும்போது துளைகளை மூடிக்கொள்ளவும் பூச்சியால் முடியும்.

சோப்பு கலந்ததும் நிலைமை மாறுகிறது. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், நீர் துளைகளுக்குள் நுழைந்து காற்றுக்குழல்களை அடைக்கிறது. பூச்சி மூச்சுத்திணறி இறக்கிறது. கண்ணில் பட்ட பூச்சியைக் கொல்ல, நச்சு மருந்தைவிடப் பாதுகாப்பான வழி இது. ஆனால், நனைக்கப்பட்ட பூச்சி மட்டுமே இறக்கும். உலர்ந்த பின் சோப்பு நீருக்கு எந்த ஆற்றலும் இல்லை. சுவர் இடுக்கில் இருக்கும் நூறு பூச்சிகளை அது தொடுவதேயில்லை.

மல்லாந்து விழுந்த பூச்சி எழுவது ஏன்?

கடைகளில் கிடைக்கும் தெளிப்பு மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை. நரம்பு இழையில் சோடியம் அயனிகள் செல்லும் வாயில் திறந்து உடனே மூட வேண்டும். இம்மருந்து அதை மூட விடுவதில்லை. நரம்பு ஓயாமல் துடிக்கிறது. கால்கள் தாறுமாறாக உதறுகின்றன. சமநிலை இழந்து பூச்சி கவிழ்கிறது. நரம்பு முடிச்சுகள் உடல் முழுவதும் பரவியிருப்பதால், மருந்து தலையை எட்ட வேண்டிய அவசியம் இல்லை. மருந்து படிந்த தரையில் நடந்து, பாதம் வழியே அது புகுந்தாலும் போதும்.

எனினும் விழுவது வேறு, இறப்பது வேறு. கிடைத்த அளவு குறைவாக இருந்தால், பூச்சியின் உடலில் உள்ள நொதிகள் மருந்தைச் சிதைத்துவிடும். சில மணி நேரத்தில் அது எழுந்து நடக்கும். காலையில் காணாமல்போன பூச்சியின் கதை இதுதான். இவ்வாறு தப்பிப் பிழைப்பவையே அடுத்த தலைமுறையைப் பெறுகின்றன. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மன் கரப்பானின் எதிர்ப்புத் திறன் ஒரே தலைமுறையில் நான்கு முதல் ஆறு மடங்கு வரை உயர்ந்ததும், அதுவரை சந்தித்திராத மருந்துகளையும் அவை தாங்கியதும் கண்டறியப்பட்டது.

தெளிப்பு மருந்துக்கு இன்னும் இரு குறைகள் உண்டு. பைரித்ராய்டுகள் பூச்சியை விரட்டவும் செய்கின்றன. அதனால் அவை அடுத்த அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ சிதறுகின்றன. மற்றொன்று முட்டைக்கூடு. ஜெர்மன் கரப்பானின் பெண், 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய கூட்டைப் பொரியும் தறுவாய் வரை வயிற்றின் முனையிலேயே சுமந்து திரிகிறது. கெட்டியான அந்தக் கூட்டுக்குள் மருந்து எளிதில் புகுவதில்லை. இன்று அடித்த மருந்து வீரியம் இழந்த பின் குஞ்சுகள் வெளிவரும்.

அறையை மூடிவிட்டு வெடிக்கச் செய்யும் புகைக் குப்பிகளின் நிலை இதைவிட மோசம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் அடுக்குமாடி வீடுகளில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், இக்குப்பிகள் பூச்சிகளைக் குறைக்கவில்லை. தரையிலும் மேடையிலும் நச்சுப் படிவை மட்டும் பெருக்கின. பனி போலப் பரவும் மருந்து திறந்த பரப்பில் படிகிறது. பூச்சியோ இடுக்கில் இருக்கிறது. நிற்கும்போது 12 மில்லிமீட்டர் உயரமுள்ள அமெரிக்கக் கரப்பான், உடலைத் தட்டையாக்கி 3 மில்லிமீட்டர் இடுக்கில் புகுந்து செல்வதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் 2016இல் பதிவு செய்துள்ளனர்.

தலையற்ற பூச்சிகள் தந்த மருந்து

தலை நீக்கப்பட்ட பூச்சி நீண்ட நாள் வாழும் என்ற உண்மையே ஒரு புதிய வகை மருந்துக்கு வழிவகுத்தது. 1930களில் பிரிட்டிஷ் அறிஞர் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த், தென் அமெரிக்காவைச் சேர்ந்த இரத்தம் உறிஞ்சும் ரோட்னியஸ் என்ற பூச்சியை ஆராய்ந்தார். அது வயிறு நிறைய இரத்தம் குடித்த பிறகே தோலுரித்து வளரும். இரத்தம் குடித்தவுடன் தலையை நீக்கினால், பூச்சி பல மாதங்கள் வாழ்ந்தாலும் தோலுரிப்பதில்லை. சில நாள்கள் கழித்துத் தலையை நீக்கினாலோ, தலையற்ற உடலே தோலுரிக்கிறது. இடைப்பட்ட நாள்களில் தலையிலிருந்து ஏதோ ஒரு சுரப்பு உடலுக்குச் செல்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

அந்த ஆய்வுகள் தொடர்ந்தபோது, பூச்சியை இளமை நிலையிலேயே வைத்திருக்கும் மற்றொரு சுரப்பும் தலையில் உருவாவது தெரியவந்தது. அது இருக்கும்வரை பூச்சி தோலுரித்தாலும் மீண்டும் இளம்பூச்சியாகவே வெளிவரும். அந்தச் சுரப்பு நின்றால்தான் இறகு முளைத்து இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்.

அச்சுரப்பைப் போன்ற செயற்கைப் பொருளை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன ஆகும்? பூச்சி முழு வளர்ச்சி அடைய முடியாமல் தடுமாறும். ஹைட்ரோபிரீன், பைரிபிராக்சிபென் முதலிய வளர்ச்சி ஒழுங்கு மருந்துகள் இக்கருத்தில் பிறந்தவை. இவை கரப்பானை உடனே கொல்வதில்லை. இளம்பூச்சிகள் மலடாகவே வளர்கின்றன. வீட்டில் இறகு முறுக்கிச் சுருங்கிய கரப்பான்கள் தென்படத் தொடங்கினால், மருந்து வேலை செய்கிறது என்று பொருள். முதுகெலும்புள்ள உயிர்களுக்கு இத்தகைய சுரப்பு இல்லாததால், மனிதர்களுக்கு இவற்றால் ஏற்படும் தீங்கு மிகக் குறைவு. பலன் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் குறை.

தானே தின்னும் நஞ்சு

தலையற்ற பூச்சியால் செய்ய முடியாத இன்னொரு வேலை, தன்னைத் தானே சுத்தம் செய்வது. கரப்பான் தன் உணர்கொம்பையும் கால்களையும் வாயால் இழுத்துத் துடைத்துக்கொண்டே இருக்கும். போரிக் அமிலத்தூள் பயன்படுவது இப்பழக்கத்தால்தான். இடுக்குகளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மென்படலமாகத் தூவினால், அது காலில் ஒட்டி வாய்க்குள் சென்று குடலைக் கெடுக்கும். குவியலாகக் கொட்டினால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டும் இடத்தில் இதைப் பயன்படுத்தக் கூடாது.

இன்று வீடுகளுக்கு மிகவும் ஏற்றதாகக் கருதப்படும் ஜெல் மருந்தும் வாய்வழி நஞ்சே. இதை உண்ட பூச்சி உடனே இறப்பதில்லை. தன் இடுக்குக்குத் திரும்புகிறது. இடுக்கை விட்டு அதிகம் வெளிவராத குஞ்சுகள், பெரிய பூச்சிகளின் எச்சத்தையும் இறந்த உடலையும் தின்னும் இயல்புடையவை. இவ்வாறு ஒரு பூச்சி உண்ட நஞ்சு பலவற்றைக் கொல்கிறது. இருந்த இடத்திலேயே கொல்லும் தெளிப்பு மருந்துக்கு இந்த ஆற்றல் இல்லை.

ஆனால், இதிலும் பூச்சி மாறிக்கொண்டது. ஜெல்லில் குளுக்கோஸ் சேர்த்தால் சில இடங்களில் பூச்சிகள் அதைத் தொடுவதில்லை என்பதை ஜூல்ஸ் சில்வர்மேன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் கண்டறிந்தார். காரணம் 2013இல்தான் விளங்கியது. அப்பூச்சிகளின் நாவில், கசப்பை உணரும் நரம்புகளே குளுக்கோஸுக்கும் பதில் கொடுத்தன. இனிப்பு அவற்றுக்குக் கசந்தது. அதனால் வேறு சுவைப்பொருள் கொண்ட ஜெல்கள் உருவாக்கப்பட்டன.

ஒரு சமையலறையில் செய்து பார்த்தால்...

அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். முதலில் பூச்சி எது என்று பார்க்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்குள், வெளிர் பழுப்பு நிறத்தில், கழுத்துக் கவசத்தில் இரு கருங்கோடுகளுடன் இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். வீட்டுக்குள்ளேயே பெருகும். மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள செம்பழுப்புப் பூச்சி, சாக்கடையிலிருந்து வரும் அமெரிக்கக் கரப்பான். அதற்கு வடிகால் வாயில் வலை பொருத்துவதும், பயன்படுத்தாத குளியலறை வடிகாலில் அவ்வப்போது நீர் ஊற்றி வளைகுழாய் வற்றாமல் காப்பதுமே முதல் வேலை.

நம் சமையலறையில் இருப்பது ஜெர்மன் கரப்பான் என்று கொள்வோம். ஆறு ஒட்டுப்பொறி அட்டைகளைத் தொட்டியின் அடி, அடுப்பின் பின்புறம், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் பக்கம், அலமாரி மூலைகள் ஆகிய இடங்களில் மூன்று இரவுகள் வைக்க வேண்டும். மோட்டார் பக்கத்தில் 22, தொட்டியின் அடியில் 14, மற்றவற்றில் ஒன்றிரண்டு என்று விழுந்தால், வெப்பமும் ஈரமும் உள்ள அந்த இரு இடங்களே கூடாரங்கள். விழுந்தவற்றில் சிறு குஞ்சுகள் அதிகம் என்றால் கூடாரம் அருகிலேயே இருக்கிறது.

அடுத்து, சொட்டும் குழாயைச் சரிசெய்து, தெளிப்பு மருந்தை முற்றிலும் நிறுத்த வேண்டும். பிறகு அந்த இரு இடங்களின் இடுக்குகள், அலமாரிக் கீல்கள் ஆகியவற்றில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவில் ஜெல் புள்ளிகள் வைக்க வேண்டும். ஓரிடத்தில் பெரிய உருண்டையாக வைப்பதைவிட, இருபது முப்பது சிறு புள்ளிகளாகப் பரப்புவதே பலன் தரும். உணவும் பாத்திரமும் படும் இடத்தில் வைக்கலாகாது.

ஒரு வாரத்தில் புள்ளிகளைப் பார்த்து, தின்னப்பட்டவற்றை நிரப்ப வேண்டும். இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் மீண்டும் பொறி வைத்து எண்ண வேண்டும். முட்டைக்கூடு பொரிய மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகலாம் என்பதால், இரண்டாம் வாரம் எண்ணிக்கை சரிந்ததைக் கண்டு நிறுத்திவிட்டால், புதிய குஞ்சுகள் தப்பிவிடும்.

தோல்வியையும் இதிலிருந்தே இனங்காணலாம். ஜெல் தின்னப்பட்டும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், பூச்சிகள் அந்த நஞ்சுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றிருக்கலாம். வேறு வகை மூலப்பொருள் கொண்ட ஜெல்லுக்கு மாற வேண்டும். ஜெல் தொடப்படவே இல்லை என்றால், அருகில் வேறு உணவு இருக்கிறதா, முன்பு அடித்த மருந்தின் வாடை விரட்டுகிறதா, சுவை பிடிக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டிலும் குழாய்ச்சுவர் வழியே பூச்சிகள் நடமாடினால், ஒரு வீடு மட்டும் போராடி வெல்வது கடினம். குழாய் நுழையும் துளைகளை அடைக்க வேண்டும், இயன்றால் இரு வீடுகளும் ஒரே நேரத்தில் ஜெல் வைக்க வேண்டும்.

பெயர்தான் ஜெர்மன் கரப்பான். பூர்விகம் நம் பக்கம். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, இந்தப் பூச்சி சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ வாழ்ந்த ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து, மனிதக் குடியிருப்புகளோடு ஒட்டி வாழத் தொடங்கியது என்று கூறுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் வீடுகளுக்கென்றே தன்னைப் பழக்கிக்கொண்ட பூச்சி அது. அடுத்த முறை மருந்துக் குப்பியை எடுக்கும் முன், தொட்டியின் அடியில் குனிந்து குழாய் சொட்டுகிறதா என்று பார்த்துவிடலாம்.